பீம் டிஃப்ளெக்‌ஷன் கணக்குல உங்க விடை ஏன் கீயோட ஒத்துப்போகல?

தம்பி தங்கச்சிங்களா, மூணாவது கணக்கு பேப்பரெல்லாம் திருத்திட்டேன். கீ சரிதான், மறுபடி போட்டுப் பாத்துட்டேன். கீயில 5.81 மிமீ, உங்கள்ல நிறைய பேருக்கு 10.67, சில பேருக்கு 5.33. ரெண்டுக்கும் காரணம் வேற வேற.

கணக்கு ஞாபகம் இருக்கும்: 6 மீட்டர் பீம், A, B ரெண்டு முனையிலயும் சிம்பிள் சப்போர்ட், A-லேந்து 4 மீட்டர்ல 30 கிலோநியூட்டன் லோடு, EI 20000 kN·m², கேட்டது அதிகபட்ச டிஃப்ளெக்‌ஷன். ரியாக்‌ஷன் A-ல 10, B-ல 20, இதுல யாரும் தப்பு பண்ணல. நான் எப்பவும் மக்காலே முறைதான் சொல்லுவேன், பீமை ரெண்டு துண்டா வெட்டிப் போட்டா நாலு கான்ஸ்டன்ட் வரும், இதுல ரெண்டே ரெண்டுதான்.

```
EI·y'' = 10x − 30<x−4>
EI·y'  = 5x² − 15<x−4>² + C1
EI·y   = (5/3)x³ − 5<x−4>³ + C1·x + C2
```

இப்பதான் கவனிக்கணும், நானும் படிக்கும்போது இங்கதான் மார்க்கை விட்டேன். A-ல x = 0, y = 0. அப்ப பிராக்கெட்டுக்குள்ள −4 வருதுல்ல, அது சாதாரண பிராக்கெட் இல்ல, உள்ள மைனஸ் வந்தா அந்த டெர்ம் முழுசும் பூஜ்யம், ஏன்னா லோடு இருக்கிற இடத்துக்கு நாம இன்னும் போகவே இல்ல. அதனால C2 = 0. 10.67 வந்தவங்க −4-ஐ க்யூப் பண்ணி C2 = −320 போட்டுட்டீங்க, அப்புறம் B-ல y = 0 போட்டா C1 பூஜ்யமாயிடுது, லோடுக்குக் கீழ 213.33, அதை EI-ஆல வகுத்தா 10.67. சரியான C1 −53.33.

இந்தத் தப்பை நீங்களே பிடிக்கலாம். விடை வந்ததும் பிராக்கெட்டை விட்டுட்டு x = 0 போட்டுப் பாருங்க, உங்க சமன்பாட்டுல A சப்போர்ட்டே 16 மிமீ கீழ இறங்கி நிக்கும். சப்போர்ட் இறங்காதுல்ல.

5.33 போட்டவங்களுக்கு கான்ஸ்டன்ட் எல்லாம் சரி, ஆனா கேட்டது அதிகபட்ச டிஃப்ளெக்‌ஷன், நீங்க குடுத்தது லோடுக்கு நேர் கீழ உள்ளது. லோடு நடுவுல இல்லைன்னா அதிகபட்சம் அங்க வராது, சரிவு பூஜ்யமாகுற இடத்துல வரும்:

```
5x² = 53.33  →  x = 3.27 m
```

இது 4-க்குக் கம்மி, அதனால பிராக்கெட்டை விட்டது சரி. இந்த x-ஐ y-ல போட்டா −116.1, அதை 20000-ஆல வகுத்தா 5.81 மிமீ கீழ்நோக்கி. இன்னொரு செக்: ஒரே ஒரு லோடு எங்க இருந்தாலும் அதிகபட்சம் நடுவுலேந்து நீளத்துல 8 சதவீதத்துக்கு மேல தள்ளிப் போகாது, அதனால நடுவுல மட்டும் y கண்டுபிடிச்சாலே (இங்க 5.75) விடை கிட்டத்தட்ட தெரிஞ்சிரும்.

பின்சேர்க்கை: கிளாஸ் முடிஞ்சதும் ஒரு தங்கச்சி வந்து, B-லேந்து x அளந்தேன், எனக்கு 2.73 வருது, தப்பான்னு கேட்டா. தப்பில்லமா, 6-லேந்து கழிச்சா அதே புள்ளிதான், மார்க் போட்டுட்டேன். ஆனா அந்தப் பக்கத்துலேந்து வந்தா லோடைத் தாண்டித்தான் சரிவு பூஜ்யமாகுது, பிராக்கெட்டை விரிச்சு குவாட்ராடிக் போட வேண்டியிருக்கு. லோடு எந்த முனைக்குத் தூரமா இருக்கோ அங்கேந்து x ஆரம்பிங்க.