"இன்னிக்கு என்ன கிழமை?"

மறதி நோய் உள்ள அம்மா இதைக் கேட்டால் "வியாழக்கிழமைம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பத்து விநாடி சும்மா இருப்பேன். அந்த இடைவெளிதான் முக்கியம். முன்பெல்லாம் தேதி, மாதம், வருஷம் என்று அடுக்கினேன். குழம்பிப் போய் மறுபடி கேட்டார். "இப்பத்தானே சொன்னேன்" என்பது அதைவிட மோசம். சொன்னது நினைவில் நிற்காது, கடிந்த குரல் மட்டும் நெஞ்சில் தங்கிவிடும்.

சும்மா இருந்தால் உள்ளே இருப்பது வெளியே வரும்: "அப்போ டாக்டர் நாளைக்கா?" கிழமையல்ல, அந்தக் கவலைதான் கேள்வி. "ஆமாம்மா, நாளைக்குப் பத்து மணிக்கு. நானும் வரேன்." அதைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி, கட்டிலில் இருந்தே தெரிகிற இடத்தில் மாட்டினேன். காலையில் மாற்ற மறந்தால் பலகையே பொய் சொல்லும்!

ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் அது வேறு விஷயம். தொற்று இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.