உங்கள் போனில் L5 இருக்கிறதா, இருந்தாலும் வேலை செய்கிறதா? ஓசூரில் சோதித்துப் பார்த்த முறை

என் தம்பி ஓசூரில் பார்சல் டெலிவரி செய்கிறான். பாகலூர் ரோடு பக்கம் ஒரு பெரிய குடியிருப்பு. அதன் வாசலுக்குப் போனாலே மேப்பில் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவிவிடும். "அக்கா, நான் கேட் முன்னாடிதான் நிக்கறேன், ஆப் என்னைப் பின்பக்கத் தெருவுல காட்டுது" என்று இரண்டு மாதம் புலம்பினான். இடம் பொருந்தாவிட்டால் டெலிவரி ஆனதாகப் பதியவே முடியாது. அவனோடு வேலை செய்யும் பையனின் போனில் அதே இடத்தில் சரியாகக் காட்டியது. இரண்டு போனையும் வாங்கிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போய்ப் பார்த்தேன்.

முதலில் காரணம்

எல்லா போனும் வாங்கும் ஜிபிஎஸ் சிக்னல் L1, அதாவது 1575.42 மெகாஹெர்ட்ஸ். சில போன்கள் கூடவே 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் L5-ஐயும் வாங்கும். இந்தியாவின் நாவிக் செயற்கைக்கோள்களும் அந்த 1176.45-இல் ஒலிபரப்புகின்றன. சிக்னல் வந்து சேர எவ்வளவு நேரமானது என்பதை வைத்துத்தான் போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. அந்த நேரத்தை அளக்க, சிக்னலில் உள்ள குறியீட்டுத் துண்டுகளைப் பொருத்திப் பார்க்கும். L1-இல் ஒரு துண்டு சுமார் 293 மீட்டர் நீளம். L5-இல் சுமார் 29 மீட்டர்தான்.

இப்போது அந்த கேட்டுக்கு வருவோம். அகலமான சாலை. கிழக்கே 40 மீட்டர் தள்ளி ஓர் உயரமான கண்ணாடிக் கட்டடம். மேற்கே, தரையிலிருந்து 30 டிகிரி உயரத்தில் ஒரு செயற்கைக்கோள். அதன் சிக்னல் நேராகவும் வரும், கண்ணாடியில் பட்டுத் திரும்பியும் வரும். திரும்பி வருவது எவ்வளவு தூரம் கூடுதலாகப் பயணிக்கிறது?

```
2 × 40 × cos(30°) = 69 மீட்டர்
```

293 மீட்டர் துண்டுக்குள் இந்த 69 மீட்டர் எதிரொலி நேர் சிக்னலோடு கலந்துவிடும். பொருத்தத்தின் உச்சி எங்கே என்று L1 தடுமாறும். 29 மீட்டர் துண்டுக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரியும். முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். L5 உள்ள அந்தப் பையனின் போன் கேட்டில் ஜெயித்தது இதனால்தான்.

சோதனை

1. GPSTest என்ற ஆண்ட்ராய்டு ஆப்பைப் போடுங்கள். இலவசம். கலர் கலராக வட்டம் காட்டும் ஆப்கள் நிறைய உண்டு. எனக்கு இதுதான் பிடிக்கும், ஏனென்றால் அட்டவணையை அப்படியே காட்டுகிறது.

2. மொட்டை மாடிக்குப் போங்கள். வீட்டுக்குள்ளிருந்து பார்த்து "என் போனில் L5 இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலான போன்கள் முதலில் L1-ஐப் பிடித்த பிறகுதான் L5-ஐத் தேடும். இரண்டு நிமிடம் பொறுங்கள்.

3. அலைவரிசையைக் காட்டும் `CF` என்ற பத்தியைப் பாருங்கள். E, B என்று தொடங்குபவை மற்ற நாட்டுச் செயற்கைக்கோள்களின் அலைவரிசைகள். `L5`, `E5a`, `B2a` இவற்றில் ஏதாவது இருந்தால் போன் இரண்டு அலைவரிசையையும் வாங்குகிறது. `L1`, `E1`, `B1` மட்டுமே இருந்தால் ஒன்றுதான்.

ஜிபிஎஸ் வரிசையில் பாதிக்கு மட்டும் `L5` வந்தால் போனில் கோளாறு இல்லை. 2010 முதல் ஏவப்பட்ட புதிய வகைச் செயற்கைக்கோள்கள்தான் L5-ஐ ஒலிபரப்புகின்றன, பழையவை ஒலிபரப்புவதில்லை.

4. நான் சறுக்கியது இங்கேதான். மூன்றாவதாக என் அண்ணியின் போனையும் பார்த்தேன். `L5` வரிசைகள் அழகாக வந்தன, சிக்னல் வலிமையைச் சொல்லும் `C/N0` 35-க்கு மேல். ஆனாலும் கேட்டில் அந்த போன் தம்பி போனைப் போலவே தப்பாகக் காட்டியது. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் `Flags` பத்தியைக் கவனித்தேன். அதில் `A`, `E`, `U` என்று எழுத்துகள் வரும். `U` என்றால் இடத்தைக் கணக்கிட அந்த சிக்னலைப் பயன்படுத்தியிருக்கிறது என்று அர்த்தம். அண்ணி போனில் L1 வரிசைகளில் `U` இருந்தது, L5 வரிசை ஒன்றில்கூட இல்லை. சிக்னலை வாங்குகிறது, கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் `CF`-ஐ மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். L5 வரிசைக்கு நேரே `U` இருக்கிறதா என்று பாருங்கள்.

5. இப்போது கட்டடங்களுக்கு நடுவே போங்கள். அதற்கு முன் Location அமைப்பில் Wi-Fi scanning-ஐ அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சுற்றியுள்ள வீட்டு வைஃபைகளை வைத்து இடம் சொல்லும், சோதனை வீண். மேப் ஆப்பையும் நம்ப வேண்டாம், வழிகாட்டும்போது புள்ளியைச் சாலையின் மேல் இழுத்து ஒட்டிவிடும். GPSTest காட்டும் எண்களையே எழுதுங்கள்.

6. கேட் இருக்கும் இடத்தை மேப்பின் செயற்கைக்கோள் படத்தில் அழுத்திப் பிடித்து அதன் எண்களை எடுங்கள். நம் பகுதியில் தசமத்தின் நான்காம் இடத்தில் 1 கூடினால் சுமார் 11 மீட்டர். தம்பி போன் அட்சரேகையில் 2, தீர்க்கரேகையில் 1 விலகியது. அதாவது 22 மீட்டர், 11 மீட்டர். நேர்கோட்டில் ஏறக்குறைய 25 மீட்டர். அந்தப் பையன் போன் அதே இடத்தில் 5 மீட்டருக்குள் நின்றது. இதில் கவனிக்க வேண்டியது, தம்பி போன் தன் துல்லியம் 6 மீட்டர் என்று காட்டிக்கொண்டிருந்தது. அது போன் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பீடு. எதிரொலியை உண்மை என்று நம்பினால் மதிப்பீடும் தப்பாகத்தான் இருக்கும்.

L5-ம் தோற்கும் இடம்

அதே குடியிருப்பில் 16 மீட்டர் சந்து ஒன்று, இரண்டு பக்கமும் 12 மாடி. நடுவில் நின்றேன். இரண்டு போனும் தப்பு. மேற்கே 60 டிகிரி உயரத்தில் இருந்த செயற்கைக்கோளை மேற்குக் கட்டடம் மறைத்துவிட்டது. கிழக்குச் சுவரில் பட்டுத் திரும்பியது மட்டும் வந்தது:

```
2 × 8 × cos(60°) = 8 மீட்டர்
```

நேர் சிக்னலே வரவில்லை என்றால் எதிரொலியை எதிலிருந்து பிரிப்பது? இதை அட்டவணையிலேயே கண்டுபிடிக்கலாம். `Azim` பத்தி செயற்கைக்கோள் இருக்கும் திசையைச் சொல்லும், 270 என்றால் மேற்கு. அந்தத் திசையில் கட்டடம் வானத்தை மறைத்திருந்தும் அங்கிருந்து `C/N0` 25 சுமாரில் ஒரு வரிசை `U`-வோடு வந்தால், அது அநேகமாகச் சுவரில் பட்டு வந்தது. தம்பிக்கு நான் சொன்ன வழி, சந்துக்குள் நுழையும் முன் கேட்டிலேயே இடத்தைப் பதிந்துவிடு.

போன் வாங்கும்போது

பெட்டியில் "டூயல் பேண்ட்" என்று இருந்தால் அது வைஃபையாக இருக்கலாம். விவரப் பக்கத்தில் `L1+L5` என்று இருக்கிறதா பாருங்கள். சிப்பின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். சிப் L5-ஐ ஏற்றாலும், அதற்கான ஆன்டெனாவையும் ஃபில்டரையும் போன் தயாரிப்பவர் வைக்காமல் விட்டிருக்கலாம். என்னைக் கேட்டால், கேமராவில் ஒரு படி குறைந்தாலும் பரவாயில்லை, டெலிவரி வேலைக்கு L5 உள்ள போன்தான்.

பிற்சேர்க்கை: தர்மபுரியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: தொப்பூர் கணவாயில் இரண்டு பக்கமும் மலை, ஆனால் என் பழைய L1 போன் அங்கே சரியாகக் காட்டுகிறது, ஓசூரில் ஏன் காட்டவில்லை? மலை கண்ணாடி மாதிரி வழவழப்பாக இல்லை. மரமும் மண்ணும் கரடுமுரடான பாறையும் சிக்னலை உறிஞ்சும், சிதறடிக்கும். எதிரொலி பலவீனமாகத்தான் வரும். சரிவு தள்ளி இருப்பதால் தலைக்கு மேல் வானமும் நிறையத் திறந்திருக்கும். அங்கே தாழ்வாக உள்ள சில செயற்கைக்கோள்கள் மறையும், அவ்வளவுதான்.

இன்னொருவருக்கு L5 வரிசை வந்து வந்து மறைந்தது. பேட்டரி சேவரை அணைத்ததும் அப்படி மறைவது நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறார். நான்காம் படிக்கு முன் அதையும் அணைத்துவிடுங்கள்.