ஊருக்குப் பிள்ளையளோட போறவைக்கு: மணல் கும்பியும் நாய்க்குட்டியும்

பெட்டியில என்ன அடுக்கிறது எண்டு நான் எழுத வரேல்லை, டொக்சோகாரா எண்ட நாய்ப்புழு மண்ணில இருந்து தொத்தி என்ர மகன்ர கண்ணைக் கெடுத்த கதை இது. சின்னப் பிள்ளையளோட ஊருக்குப் போறவை இதை வாசியுங்கோ.

போன முறை அம்மா வீட்டில மதில் கட்டப் பறிச்ச மணல் கும்பியில நாய் குட்டி போட்டிருந்தது, மகன் பொழுதுபடும் வரைக்கும் அந்த மணலிலதான். நாங்கள் எல்லாரும் கனடா வந்தாப்பிறகு அம்மாவுக்குத் துணை அந்த நாய்தான், அதை ஏச எனக்கு வாய் வராது.

இந்த முறை போகேக்க அவனுக்கு 7 வயசு. இடக்கண் ஒதுங்குது எண்டு முதல்ல கண்டது பெரியம்மா. நோவில்லை, சிவப்பில்லை, காய்ச்சலில்லை. வலக்கண்ணைப் பொத்திப்போட்டு கலண்டரில தேதி என்ன எண்டு கேட்டன், அந்தப் பெரிய இலக்கமே அவனுக்குத் தெரியேல்லை.

ஆனா வீட்டில எல்லாரும் பூச்சி மருந்து குடு, கலியாண வீடு முடியட்டும், இப்ப போனா சனம் என்ன சொல்லும் எண்டு ஒரே கரைச்சல். போன கிளினிக்கில மலம் கொண்டு வா எண்டிச்சினம், பிறகு திரும்பவும் மலம், பிறகு ரத்தம். எல்லாம் நல்லாயிருக்கு, ஒண்டுமில்லையாம். எனக்கு இப்பவும் கோபம் அடங்கேல்லை. டொக்சோகாரா நாயின்ர குடல்புழு, மனுசர்ர குடலில அது வளர்ந்து முட்டை போடாது, அப்ப மலத்தில எப்பிடி வரும்? நாயின்ர மலத்தில வாற முட்டை மண்ணோட வாய்க்குள்ள போய்ப் பொரிச்சு, குஞ்சுப்புழு குடலைத் துளைச்சு ரத்தத்தோட ஈரல், நுரையீரல் எண்டு அலையும். கனக்கப் போனா காய்ச்சல், இழுப்பு, ஈரல் வீக்கம் வரும், ரத்தத்தில ஈசினோபில் எண்ட வெள்ளை அணு ஏறும். கண்ணைக் கெடுக்க ஒரு புழு காணும், அதால ரத்த ரிப்போட் சாதாரணமா இருக்கிறது வழமை.

கடைசியில கண் டொக்டர் ஒருத்தர் துளி விட்டு கண்மணியை விரிச்சுப் பாத்தார். விழித்திரையில வெள்ளையா ஒரு கட்டி. கண் புற்றுநோயும் இப்பிடித்தான் தெரியுமாம். 1950இல வில்டர் எண்ட ஆய்வாளர், புற்றுநோய் எண்டு நினைச்சு எடுத்த பிள்ளையளின்ர கண்ணுகளுக்குள்ள இந்த மாதிரிப் புழுவைத்தான் கண்டவ. ஸ்கானில சுண்ணாம்புப் படிவு இல்லை எண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது, அந்தப் புற்றுநோயில பெரும்பாலும் அது இருக்கும். ஸ்டீரொய்ட் குடுத்து அழற்சியை அடக்கினவை. விழித்திரையின்ர நடுவில விழுந்த வடு மாறாது, போன பார்வை முழுசா வரேல்லை.

ஒரு கண் ஒதுங்கினா, போட்டோவில கண்மணி வெள்ளையாத் தெரிஞ்சா, நேர கண் டொக்டரிட்ட போங்கோ, கலியாணம் நிக்கட்டும்.

நாய் அண்டைக்குப் போன மலத்தால இந்தப் புழு தொத்தாது, முட்டை மண்ணில கிடந்து முத்த ஒண்டு தொடக்கம் நாலு கிழமை வேணும், அதால ஒவ்வொரு நாளும் அள்ளிப்போட்டாக் காணும். முத்தினது வருசக்கணக்கா மண்ணில கிடக்கும். குட்டியளுக்குத் தாய் வயித்திலயே புழு தொத்தும், பிறந்து ரெண்டாம் கிழமையில பூச்சி மருந்து தொடங்கி, எட்டுக் கிழமை வரைக்கும் ரெண்டு கிழமைக்கு ஒருக்கா குடுங்கோ. மணல் பறிச்சா அண்டைக்கே படங்கு போட்டு மூடச் சொல்லுங்கோ.