நேர்காணல் அழைப்பு மின்னஞ்சலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேர்காணல் குழுவின் முன் வரவேண்டிய விண்ணப்பதாரர்களுக்கு அனுப்பப்படும் மின்னஞ்சல்கள் பலவற்றின் கடைசி வரி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: "சிறப்பு ஏற்பாடுகள் தேவைப்பட்டால் தெரிவிக்கவும்." இதற்குப் பதில் வருவது அரிது, வராததால் யாருக்கும் எதுவும் தேவையில்லை என்று மனிதவளப் பிரிவு எண்ணிக்கொள்கிறது. ஆனால் அந்த அறையில் என்ன நடக்கப்போகிறது என்பதே தெரியாத ஒருவர், தமக்கு என்ன தேவைப்படும் என்று எதை வைத்துச் சொல்வார்? நேர்காணலின் வடிவத்தை விவரிக்காமல் தேவையை மட்டும் கேட்பதுதான் இத்தகைய மின்னஞ்சல்களின் முதன்மையான தவறு. மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயங்கும் ஒரு நிறுவனம் கணக்காளர் பணிக்கு ஆள் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அழைக்கப்பட்டவர்களில் ஒருவருக்குச் செவித்திறன் குறைவு. காதொலிக் கருவி அணிந்திருப்பார், எதிரில் இருப்பவரின் உதட்டசைவையும் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார். அவருக்கு வந்த மின்னஞ்சல் இவ்வளவுதான்: "09/06 அன்று காலை 10.30 மணிக்கு நேர்காணல். அசல் சான்றிதழ்கள் அனைத்துடனும் நேரில் வரவும்." ஒருவரோ இருவரோ கேள்வி கேட்பார்கள் என்று நினைத்து அவர் எதையும் கோராமல் வருகிறார். உள்ளே நால்வர், நீண்ட மேசைக்குப் பின்னால், சன்னலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கிறார்கள். பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் முகங்கள் இருண்டு தெரிகின்றன. ஒருவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் கேட்கிறார். அவர் தடுமாறுவதைக் குழு கணக்கியல் அறிவின் குறைபாடாக மதிப்பெண் தாளில் பதிந்துவிடும். நாற்காலிகளை இடம் மாற்றிப்போட்டு, ஒருவர் பின் ஒருவராகக் கேட்கச் சொல்லியிருந்தாலே போதுமானது. அதற்குச் செலவும் இல்லை.

எல்லோருக்கும் பொதுவான 10.30 மணிக்குப் பதிலாக அவருடைய முறை வரும் நேரத்தையே குறித்து, அதே மின்னஞ்சலை இப்படி எழுதியிருக்கலாம்:

"நேர்காணல் ஜூன் 9, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரப்படி காலை 11.15 மணிக்குத் தொடங்கும். ஏறத்தாழ 40 நிமிடம் நீடிக்கும். கணக்குப் பிரிவுத் தலைவர் உட்பட நால்வர் குழுவில் இருப்பார்கள். முதல் 15 நிமிடத்தில் ஒரு வங்கிச் சரிகட்டும் பட்டியலைக் கணினியில் சரிபார்க்க வேண்டும். பிறகு அதைப் பற்றியும் உங்கள் முன் அனுபவத்தைப் பற்றியும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கேள்விகள் இருக்கும். கூடுதல் நேரம், கேள்விகளை எழுத்தில் பெறுதல், இருக்கை அமைப்பில் மாற்றம், சைகை மொழிபெயர்ப்பாளர், தரைத்தள அறை, காணொளி வழி நேர்காணல் ஆகியவற்றில் ஏதேனும், அல்லது இங்கே குறிப்பிடாத வேறு ஏற்பாடு தேவையெனில், ஜூன் 3 புதன்கிழமைக்குள் கீழே பெயர் கொடுக்கப்பட்டுள்ள அலுவலருக்கு மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ தெரிவியுங்கள். காரணத்தை விளக்க வேண்டியதில்லை. இந்தக் கோரிக்கை மதிப்பீட்டில் சேராது."

இதில் ஏற்பாடுகளின் பெயர்களைச் சொல்லியிருப்பது கவனத்துக்குரியது. பெயர் சொன்னால்தான் கேட்பது இயல்பு என்று தோன்றும். திக்குவாய் உள்ளவருக்கோ கைக்குழந்தையுடன் வருபவருக்கோ இப்படிக் கேட்கலாம் என்பதே அப்போதுதான் தெரியவரும். தொலைபேசி எண்ணை மட்டும் கொடுத்தால் செவித்திறன் குறைந்தவர் விடுபட்டுப்போவார். சைகை மொழிபெயர்ப்பாளரை முதல் நாள் மாலை தேடினால் கிடைக்கமாட்டார் என்பதால், பதிலுக்கான கடைசி நாளுக்கும் நேர்காணலுக்கும் இடையே சில வேலை நாட்கள் இருக்க வேண்டும். அதற்கேற்ப அழைப்பையும் பத்து நாட்களுக்கு முன்பாவது அனுப்ப வேண்டும்.

"என்ன ஏற்பாடு வேண்டும்" என்பதற்குப் பதிலாக "என்ன குறைபாடு" என்று கேட்பதும், ஊனமுற்றோர் சான்றிதழை உடனே இணைக்கச் சொல்வதும் அடுத்த தவறு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 34-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களில் குறைந்தது 4 விழுக்காடு இடஒதுக்கீடு வழங்குகிறது. அந்த ஒதுக்கீட்டைக் கோருபவர் சான்றிதழ் காட்டியாக வேண்டும். நாற்காலியை நகர்த்தவும் பத்து நிமிடம் கூட்டித் தரவும் அது எதற்கு? இரண்டையும் ஒரே படிவத்தில் போட்டுக் குழப்புவதால், சான்றிதழ் இல்லாதவர்கள் கேட்காமலேயே ஒதுங்கிவிடுகிறார்கள். பெறப்பட்ட தகவலைக் கையாள்வதிலும் கவனம் தேவை. விண்ணப்பதாரர் எழுதிய கடிதத்தை அப்படியே நால்வருக்கும் அனுப்பாமல், "11.15 மணிக்கு வருபவரிடம் ஒருவர் பின் ஒருவராக, முகம் தெரியும்படி அமர்ந்து கேளுங்கள்" என்று மட்டும் குழுவுக்குத் தெரிவித்தால் போதும். கூகுள் காலண்டரில் பல விண்ணப்பதாரர்களை ஒரே நிகழ்வில் சேர்த்து, See guest list என்ற தேர்வையும் நீக்காமல் விட்டால், ஒவ்வொருவருக்கும் மற்றவர்களின் முகவரி தெரிந்துவிடும்; ஆளுக்கொரு நிகழ்வாக அனுப்புவதே பாதுகாப்பானது.

ஆவணப் பட்டியலில் நடக்கும் பிழை பெரும்பாலும் பழைய மின்னஞ்சலை நகலெடுப்பதால் வருவது. இன்னமும் வேலையில் இருப்பவரிடம் தற்போதைய நிறுவனத்தின் பணிவிடுவிப்புக் கடிதத்தைக் கேட்கிறார்கள். அந்த வேலையை விட்ட பிறகுதான் அது கிடைக்கும். நேர்காணல் நாளுக்கு அடையாள அட்டை, கல்விச் சான்றிதழ்களின் அசலும் ஒரு நகலும், முந்தைய பணிகளின் அனுபவச் சான்று ஆகியவை போதும். மற்றவை தேர்வானபின் கேட்கப்படும் என்று எழுதிவிடலாம். அசல்கள் சரிபார்த்து அன்றே திருப்பித் தரப்படும் என்ற வரி கட்டாயம் வேண்டும். ஆதார் நகல் வேண்டுமென்றால் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் நகலே போதும் என்று குறிப்பிடுங்கள்.

நேரத்தையும் இடத்தையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 09/06 என்பதை வெளிநாட்டில் இருப்பவர் செப்டம்பர் 6 என்று படிக்கக்கூடும். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். காணொளியில் சிங்கப்பூரிலிருந்து சேர்பவருக்கு 11.15 என்பது அங்கே பிற்பகல் 1.45. எல்லோரையும் 10.30 மணிக்கே வரச்சொல்லி மாலை வரை உட்காரவைப்பது நீரிழிவு உள்ளவருக்கும் முதுகுவலி உள்ளவருக்கும் தனித் தண்டனை. "மின்தூக்கி உண்டு" என்று எழுதும் நிறுவனங்கள், அதற்கு முன்னால் வாசலில் ஐந்து படிகள் இருப்பதை மறந்துவிடுகின்றன. எழுதுபவர் வாயிற்கதவிலிருந்து அறை வரை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு எழுதுவது நல்லது. வாயிற்காவலர் கைப்பேசியை வாங்கி வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்: சிலர் தம் காதொலிக் கருவியைக் கைப்பேசி வழியே சரிசெய்கிறார்கள், சிலர் இரத்தச் சர்க்கரை அளவை அதில்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு விலக்கு உண்டு என்ற செய்தி காவலரிடமும் எழுத்தில் இருக்க வேண்டும்.

கோரிக்கை வந்தபின் "பெற்றுக்கொண்டோம்" என்று மட்டும் பதில் எழுதி நிறுத்திக்கொள்வதும் தவறே. எது செய்யப்படும், எது இயலாது, இயலாததற்கு மாற்றாக எது தரப்படும் என்பதை ஓரிரு வேலை நாட்களுக்குள் எழுத்தில் உறுதிசெய்து, நேர்காணல் நாளன்று வரவேற்பு மேசையில் யாரைக் கேட்க வேண்டும் என்ற பெயரையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.