நண்டு மசாலாவுக்கு கேபர்நெட் ஊற்றாதீர்கள்: புதிய சர்வர் தம்பிகளுக்குச் சில வார்த்தைகள்

கிளாஸை எங்கே பிடிப்பது, கார்க்கை எப்படி உருவுவது, எந்தப் பக்கம் நின்று ஊற்றுவது என்பதையெல்லாம் கேப்டன் சொல்லிக்கொடுப்பார். நான்கு நாள் கை பழகினால் வந்துவிடும். நான் எழுதுவது வேறு விஷயம். போன வாரம் முழுக்க மாடியில் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒயின் பற்றி எதுவும் தெரியாத விருந்தினர் கிடைத்தால் எல்லாரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறீர்கள். உங்களுக்கு முன்னால் இங்கே வேலை பார்த்தவர்களும் அங்கேதான் தடுமாறினார்கள்.

“டிரையா, ஸ்வீட்டா?” என்று ஆரம்பிப்பது

தெரியாதவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால், பக்கத்து மேசையில் எது காதில் விழுந்ததோ அதைச் சொல்வார். பெரும்பாலும் “டிரை” என்பார், அதுதான் கௌரவம் என்று நினைத்துக்கொண்டு. டிரை என்றால் இனிப்பே இல்லாதது என்று அவருக்குத் தெரியாது. குடித்துப் பார்த்ததும் முகம் சுருங்கும்.

அவருக்குப் பதில் தெரிந்த கேள்வியைக் கேளுங்கள். “என்ன சாப்பிடப் போறீங்க சார்? வழக்கமா என்ன குடிப்பீங்க?” இந்த இரண்டு போதும். லெமன் சோடா உப்புப் போட்டுக் குடிப்பவருக்குப் புளிப்பு பிடிக்கும், அவருக்கு சாவிஞான் பிளாங்க் ஒத்துப்போகும். பழ ஜூஸ்காரருக்கு லேசாக இனிப்பு தங்கியிருக்கும் செனின் பிளாங்க். பால் ஊற்றாத கடுந்தேநீரை ரசித்துக் குடிப்பவர் என்றால் மட்டும் ரெட் ஒயின் பக்கம் யோசிக்கலாம், அதுவும் என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்துவிட்டு.

நம் சாப்பாட்டை மறந்துவிட்டு ரெட் ஒயினைத் தூக்கிக் கொடுப்பது

இந்தத் தவறைப் பற்றி எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. பணமும் போகிறது, வந்தவரின் இரவும் வீணாகிறது.

போன வாரம் நடந்தது. மதுரையிலிருந்து ஒரு குடும்பம். மகனுக்கு அன்றைக்கு ஒயின் ருசி பார்க்க ஆசை. அப்பாவும் “எனக்கும் கொஞ்சம் ஊத்து” என்று சொல்லிவிட்டார். ஆர்டர் செய்தது நண்டு மசாலா, கணவாய் வறுவல், விளைமீன் குழம்பு. நம் தம்பி நேராகப் போய் ஒரு பாட்டில் கேபர்நெட் சாவிஞானைத் திறந்துவிட்டார். “நல்ல ஹெவி பாடி சார், இதுதான் எல்லாரும் கேப்பாங்க.”

அந்த அப்பா நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சினார், மேலே ஒரு வாய் ஒயின் குடித்தார். உடனே கை தண்ணீர் டம்ளருக்குப் போனது. இரண்டாவது வாயில் துணியை எடுத்து உதட்டைத் துடைத்தார். மகனைப் பார்த்து, “ஏதோ இரும்பு நக்குன மாதிரி இருக்குப்பா, கெட்டுப்போச்சா இது?” என்று கேட்டார். அதற்கு நம் தம்பி சொன்ன பதில்: “ஒயின்னா அப்படித்தான் சார் இருக்கும்.” ஆளுக்கு ஒரு கிளாஸைக்கூட முடிக்கவில்லை. 750 மில்லி பாட்டிலில் பாதிக்கு மேல் மேசையிலேயே நின்றது. பில்லைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பெரியவர் இனி ஆயுசுக்கும் ஒயின் தொட மாட்டார்.

அந்த ஒயின் கெட்டுப்போகவில்லை. அவர் நாக்கும் பொய் சொல்லவில்லை. மூன்று விஷயம் ஒரே நேரத்தில் நடந்தது.

முதலில் துவர்ப்பு. ரெட் ஒயினைத் திராட்சைத் தோலோடும் விதையோடும் ஊறவைத்துச் செய்வதால், அவற்றிலுள்ள டானின் ஒயினில் இறங்கிவிடும். கேபர்நெட்டில் அது அதிகம். டானின் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், வாயின் வழவழப்பு போய்விடும். வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தால் நாக்கு எப்படி இழுக்குமோ அப்படி இழுக்கும். கொழுப்புள்ள ஆட்டுக்கறி கூட இருந்தால் அந்த இழுப்பு அடங்கும். நண்டிலும் கணவாயிலும் அடக்குவதற்கு அப்படிக் கொழுப்பு கிடையாது.

இரண்டாவது காரம். நம் சமையல்கட்டில் அரைப்பது ராமநாதபுரம் முண்டு மிளகாய், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. மிளகாயின் காரம் வாயில் எந்த நரம்பைத் தொட்டு எரிகிறதோ, அதே நரம்பை ஆல்கஹாலும் தூண்டும். பதினான்கு சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினைக் காரத்தின் மேல் ஊற்றினால் எரிச்சல் கூடத்தான் செய்யும். ஏற்கெனவே எரியும் வாயில் டானினும் சேர்ந்து சொரசொரப்பாக உரசும்.

மூன்றாவதுதான் அந்த இரும்பு வாடை. ஒயினில் மிகச் சிறிய அளவில் இரும்புச் சத்து இருக்கும். அது கடல் உணவிலுள்ள கொழுப்போடு சேரும்போது கவிச்சி வாடை கிளம்பும். இரும்பு கூடக்கூட வாடையும் கூடுகிறது என்று 2009-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒயினையும் உலர்ந்த சிப்பிச் சதையையும் வைத்துச் சோதித்து எழுதினார்கள். எல்லா ரெட் ஒயினும் இப்படிச் செய்யும் என்றில்லை. இரும்பு குறைந்தது தப்பித்துவிடும். ஆனால் எந்த பாட்டிலில் எவ்வளவு இரும்பு என்று லேபிளில் போட மாட்டார்கள். அதனால் கடல் உணவு மேசையில் அந்தச் சூதாட்டமே வேண்டாம்.

அன்றைக்கு மேசையில் வைத்திருந்த பாட்டில் எவ்வளவு சூடாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரெட் ஒயினை “ரூம் டெம்பரேச்சரில்” கொடுக்க வேண்டும் என்று எங்கோ படித்துவிட்டு வெளியிலேயே வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சு குளிர்நாட்டில், ஹீட்டர் வருவதற்கு முந்திய வீடுகளில் வந்தது. அங்கே அறை பதினாறு, பதினெட்டு டிகிரிதான் இருக்கும். நம் மாடியில் கச்சான் காற்று அடித்தாலும் ராத்திரி அந்தப் பதினெட்டுக்கு இறங்குவது அபூர்வம். அந்தச் சூட்டில் ரெட் ஒயினில் ஆல்கஹால் வாடைதான் முதலில் மூக்கில் ஏறும். ரெட் ஒயினானாலும் பாதி ஐஸ், பாதித் தண்ணீர் உள்ள பக்கெட்டில் கால் மணி நேரம் வைத்த பிறகுதான் மேசைக்குப் போக வேண்டும். வெறும் ஐஸில் வைக்காதீர்கள். பாட்டிலைச் சுற்றித் தண்ணீர் இருந்தால்தான் குளிர் சீக்கிரம் இறங்கும்.

சரி, அதே மேசையை எப்படிப் பார்த்திருக்க வேண்டும்? நண்டு, கணவாய், காரக் குழம்பு என்றதும் மனதில் வர வேண்டியது: காரத்துக்குக் கொஞ்சம் இனிப்பு, கடல் உணவுக்குப் புளிப்பு, இந்த ஊருக்குக் குளிர்ச்சி. மூன்றும் ஒன்றாக இருப்பது நாசிக் பக்கத்து செனின் பிளாங்க். எட்டிலிருந்து பத்து டிகிரியில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் போங்கள். பாட்டிலைத் திறக்கச் சொல்லி வற்புறுத்தாமல், கிளாஸ் கணக்கில் விற்பதிலிருந்து 30 மில்லி அளவுக்கு ஊற்றி, “ஒரு வாய் பாருங்க சார், பிடிச்சா கிளாஸ் கொண்டுவர்றேன்” என்று சொல்லுங்கள். அந்த 30 மில்லி என் கணக்கு. முதல் வாயைச் சாப்பாட்டுக்கு முன்னால் குடிப்பார், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நண்டைக் கடித்த பிறகு குடிக்கும் வாயைத்தான் கவனிக்க வேண்டும். கை திரும்ப ஒயின் கிளாஸுக்குப் போனால் சரி. தண்ணீருக்குப் போனால் ஒயினை மாற்றுங்கள்.

இனிப்பே ஆகாது என்று சொல்பவருக்கு சாவிஞான் பிளாங்க் எடுத்துப் போங்கள். ஆனால் அது காரக் குழம்போடு எடுபடாது. உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தவாவில் வாட்டிய விளைமீனோடு அருமையாக இருக்கும். அப்படி ஒரு தட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

“எனக்கு ரெட்தான் வேணும்” என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால் மறுக்காதீர்கள். நன்றாகக் குளிரவைத்த ஷிராஸைக் கொடுங்கள், கூடவே மிளகு குறைத்த மட்டன் சுக்கா ஒரு தட்டு சொல்லலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். சிவப்பு நிறம்தான் அவருக்கு முக்கியம் என்று தோன்றினால் ரோசேயைக் காட்டுங்கள். தோலோடு கொஞ்ச நேரமே ஊறியதால் அதில் துவர்ப்பு குறைவு, நண்டோடும் சண்டை போடாது.

பாட்டில் ஏற்கெனவே திறந்தாகிவிட்டது, முகம் சுருங்கிவிட்டது என்றால் அப்போதும் வழி இருக்கிறது. பாட்டிலை ஐஸ் தண்ணீரில் இறக்குங்கள். “இந்த ஒயின் காரத்தோட சேராது சார், கறி வர்றப்ப ஊத்துறேன்” என்று உண்மையைச் சொல்லுங்கள். நண்டு முடிகிற வரைக்கும் செனின் பிளாங்க் ஒரு கிளாஸ் கொண்டுபோய்க் கொடுங்கள், பில்லில் ஏற்ற வேண்டாம். “அப்படித்தான் இருக்கும்” என்ற வார்த்தையை மட்டும் இனி என் மாடியில் நான் கேட்கக் கூடாது. அதைக் கேட்டவர் தனக்குத்தான் ருசி தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு போவார். காசு கொடுத்துவிட்டுக் கூச்சப்பட்டுக்கொண்டு போகிறவரைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

விலையை வாய்விட்டுக் கேட்பது

“எவ்வளவுக்குள்ள பாக்குறீங்க சார்?” என்று குடும்பத்துக்கு முன்னால் கேட்டால் அவர் கூச்சத்தில் கூடுதலாகச் சொல்லிவிடுவார். மெனுவில் நடுத்தர விலை ஒன்றின் மேல் விரலை வைத்து, “இந்த மாதிரி ஒண்ணு பாக்கலாமா சார்?” என்று கேளுங்கள். அவர் கண் மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்த்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். ஒருவர்தான் குடிக்கிறார் என்றால் பாட்டில் பேச்சையே எடுக்காதீர்கள்.

ராமேஸ்வரம் தீர்த்தமாடப் போகிறவர்கள், வந்தவர்கள்

ஒயின் மெனுவைக் கையில் கொடுக்காதீர்கள். அவர்களாகக் கேட்டால் மட்டும்.

ஐஸ் கட்டி கேட்டால்

போட்டுக் கொடுங்கள்.

“உடம்புக்கு நல்லதாமே?”

ஆமாம் என்று தலையாட்டாதீர்கள். ருசிக்காகக் குடிக்கிறீர்கள் என்றால் இதைப் பாருங்கள் என்று சொல்லி நகருங்கள்.

21 வயது ஆகாதவர்

ஊற்றக் கூடாது. அப்பாவே பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாலும்.

திறந்த பாட்டிலை கவுண்டரில் விட்டுவைப்பது

கிளாஸ் கணக்கில் விற்கும் பாட்டிலில் மிச்சம் இருந்தால் உடனே மூடி ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும், ரெட் ஒயினும்தான். திறந்த தேதியை ஸ்டிக்கரில் எழுதிக் கழுத்தில் ஒட்டுங்கள். மூன்று நாளைத் தாண்டினால் புளித்த ஆப்பிள் வாடை வர ஆரம்பிக்கும். அதை மோந்து பார்த்துச் சந்தேகம் வந்தால் சமையல்கட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், விருந்தினருக்கு வேண்டாம். முதல் தடவை ஒயின் குடிப்பவருக்கு எப்போதும் அன்றைக்குத் திறந்த பாட்டிலிலிருந்துதான் ஊற்ற வேண்டும்.