சர்வே முடிவுகளை வரைபடமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்க்கெட்டிங் அறிக்கையில் வரைபடம் தவறாகப் போவது பெரும்பாலும் எக்செலில் இல்லை, அதற்கு முன்பே. எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ‘எது பார்க்க நன்றாக இருக்கும்?’ என்று யோசிக்கிறோம். பார்க்க வேண்டியது கேள்வித்தாளை. ஒரே பதிலைக் கேட்ட கேள்வியா, பல பதில்களை அனுமதித்த கேள்வியா, அதே கேள்வியைக் கால இடைவெளி விட்டு மறுபடி கேட்டோமா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் பட்டை, வட்டம், கோடு மூன்றில் எது வேண்டும் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும்.

விளக்க வசதிக்காக ஒரு கற்பனை சர்வேயை எடுத்துக்கொள்வோம். காபித்தூள் விற்கும் ஒரு நிறுவனம் கோவையில் 150, மதுரையில் 150, திருச்சியில் 100 என மொத்தம் 400 வீடுகளில் கேட்டிருக்கிறது. கீழே வரும் சர்வே எண்கள் எல்லாம் இந்த எடுத்துக்காட்டுக்காக வைத்தவை.

பல பதில் கேள்விக்கு வட்ட வரைபடம்

‘காபித்தூள் வாங்கும்போது எதையெல்லாம் பார்ப்பீர்கள்? பொருந்தும் அனைத்தையும் குறிக்கவும்’ என்பது கேள்வி. மணம் என்றவர்கள் 248 பேர், அதாவது 62%. விலை 53%, புதிதாக அரைத்தது 41%, சிக்கரி அளவு 29%, பாக்கெட் அளவு 18%. ஒருவரே இரண்டு மூன்றைக் குறித்திருப்பதால் கூட்டினால் 203% வருகிறது. இதில் தப்பு எதுவும் இல்லை. பல பதில் கேள்வியில் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டத்தான் செய்யும்.

இந்த ஐந்து எண்களையும் வட்ட வரைபடத்தில் கொடுத்து, சதவீத லேபிளைப் போட்டால் என்ன ஆகும்? வட்டம் என்பது எப்போதும் ஒரு முழுமையின் பங்குகள். அதனால் எக்செல் 203-ஐ முழுமையாக வைத்து எல்லாவற்றையும் சுருக்கிவிடும். மணம் 31%, விலை 26%, புதிதாக அரைத்தது 20%, சிக்கரி 14%, பாக்கெட் 9%. கூட்டிப் பாருங்கள், சரியாக 100. ஆபத்தே இதில்தான். எந்தப் பிழைச் செய்தியும் வராது, படமும் ஒழுங்காகத் தெரியும். ஆனால் பத்தில் ஆறு வீடு மணத்தைப் பார்க்கிறது என்ற உண்மை, பத்தில் மூன்று வீடு என்று மாறிவிடுகிறது. விளம்பரத்தில் மணத்தை முன்னிறுத்தலாமா என்று யோசிக்கிறவர் இந்தப் படத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று முடிவெடுக்கக்கூடும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. லேபிளில் உள்ள சதவீதத்தை 400-ஆல் பெருக்கிப் பாருங்கள். 31% என்றால் 124 பேர் வர வேண்டும்; அட்டவணையிலோ 248 பேர் இருக்கிறார்கள். ஒத்துவரவில்லை என்றால் வகுத்தது ஆட்களின் எண்ணிக்கையால் அல்ல, பதில்களின் எண்ணிக்கையால்.

இங்கே சரியானது கிடைமட்டப் பட்டை வரைபடம். ஒவ்வொரு பட்டையும் தனித்தனியாக 400-இல் எத்தனை என்று சொல்லும். கூகுள் ஃபார்ம்ஸும் செக்பாக்ஸ் கேள்விகளுக்குத் தன் சுருக்கப் பக்கத்தில் பட்டைதான் போடுகிறது. ஆனால் தரவை விரிதாளுக்கு இறக்கியதும், ஒருவர் குறித்த பதில்கள் எல்லாம் காற்புள்ளியோடு ஒரே கட்டத்தில் வந்து உட்காரும். பதில்கள் B2 முதல் B401 வரை இருந்தால், எண்ணிப் பங்கைக் கணக்கிட இது போதும்:

```
=COUNTIF(B2:B401,"*விலை*")/COUNTA(B2:B401)
```

ஒரு எச்சரிக்கை. ‘விலை’ என்றும் ‘விலைத் தள்ளுபடி’ என்றும் இரண்டு விருப்பங்கள் கொடுத்திருந்தால், தள்ளுபடியை மட்டும் குறித்தவரையும் இந்தச் சூத்திரம் விலைக் கணக்கில் சேர்த்துவிடும். விருப்பங்களை எழுதும்போதே ஒன்றின் சொல் இன்னொன்றுக்குள் வராமல் பார்த்துக்கொள்வது நல்லது.

பட்டைகளைப் பெரியதிலிருந்து சிறியதற்கு அடுக்குங்கள். கேள்வித்தாளில் இருந்த வரிசைக்கு வாசகரிடம் எந்தப் பொருளும் இல்லை. எக்செல் கிடைமட்டப் பட்டையில் முதல் வரியை அடியில் போடும் என்பதால், அச்சின் Format Axis-இல் Categories in reverse order-ஐத் தேர்ந்தெடுத்தால் பெரியது மேலே வரும். ‘மற்றவை’ மட்டும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கடைசியில் இருக்கட்டும். வயதுப் பிரிவு, ‘மிகவும் பிடிக்கும்’ முதல் ‘பிடிக்கவே இல்லை’ வரையிலான அளவுகோல் போன்றவற்றுக்கு இயல்பான வரிசை ஒன்று இருக்கிறது. அவற்றை அளவைப் பார்த்துக் கலைக்கக் கூடாது.

வட்டம் எப்போது சரி

ஒரே பதிலைக் கேட்டிருக்க வேண்டும், எல்லாப் பங்கும் சேர்ந்து 100 ஆக வேண்டும், இரண்டு அல்லது மூன்று துண்டுக்கு மேல் போகக் கூடாது. ‘வீட்டில் ஃபில்டர் காபி போடுவீர்களா?’ என்பதற்கு ஆம் 74%, இல்லை 26% என்றால் வட்டம் அழகாகப் பேசும். கால்வாசி, பாதி, முக்கால் போன்ற பங்குகளைக் கண் உடனே பிடித்துக்கொள்கிறது.

அதே வட்டத்தில் ‘அதிகம் வாங்கும் பிராண்டு எது?’ என்பதைப் போட்டு, துண்டுகள் 26, 24, 22, 19, 9 என்று வந்தால் முதல் மூன்றில் எது பெரிது என்று லேபிளைப் படிக்காமல் யாராலும் சொல்ல முடியாது. புள்ளியியலாளர்கள் வில்லியம் கிளீவ்லண்டும் ராபர்ட் மெக்கில்லும் 1984-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரே அளவுகோலில் உள்ள இடத்தை ஒப்பிடும்போது இருந்த துல்லியம் கோணங்களை ஒப்பிடும்போது இல்லை என்று காட்டினார்கள். பட்டைகள் எல்லாம் ஒரே அடிக்கோட்டில் நிற்பதால் இரண்டு சதவீதப் புள்ளி வித்தியாசமும் தெரிகிறது. முப்பரிமாண வட்டம் இன்னும் மோசம்: சாய்த்து வைப்பதால் முன்பக்கத் துண்டு அதன் பங்கைவிடப் பெரிதாகத் தெரியும். நம் பிராண்டின் துண்டு முன்னால் விழுந்தால், நாம் நினைக்காமலே பொய் சொல்லியிருப்போம்.

மூன்று நகரங்களுக்கு மூன்று வட்டங்களை வரிசையாக வைப்பதையும் விட்டுவிடுங்கள். நகரத்துக்கு ஒன்றாக மூன்று 100% அடுக்குப் பட்டைகள் அதே வேலையைத் தெளிவாகச் செய்யும்.

பூஜ்யத்தில் தொடங்காத பட்டை

புதிய பாக்கெட் பிடித்திருக்கிறதா என்று கேட்டதில் மதுரை 84%, கோவை 81%, திருச்சி 78%. எண்கள் இப்படி நெருக்கமாக இருந்தால் எக்செல் தானாகவே அச்சைப் பூஜ்யத்துக்கு மேலே எங்கோ தொடங்கக்கூடும். அச்சு 75-இல் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சிப் பட்டையின் உயரம் 3, மதுரையினுடையது 9. மதுரையில் மூன்று மடங்கு பேருக்குப் பிடித்திருப்பதாகக் கண் வாசிக்கும். பட்டையில் நாம் படிப்பதே நீளத்தைத்தான். அடியை வெட்டினால் நீளம் பொய்யாகிவிடும். Format Axis-இல் Bounds பகுதிக்குப் போய் Minimum என்ற இடத்தில் 0 என்று நீங்களே தட்டச்சு செய்யுங்கள். தானாகவே பூஜ்யம் வந்திருந்தாலும் செய்யுங்கள், ஏனென்றால் அடுத்த மாத எண்களைப் போடும்போது அது மாறிவிடலாம்.

பூஜ்யத்திலிருந்து வரைந்தால் மூன்று பட்டைகளும் ஒரே மாதிரி இருக்கின்றன, சொல்ல ஒன்றுமே இல்லையே என்று தோன்றும். உண்மை நிலவரமும் ஏறக்குறைய அதுதான். 150 பேரிடம் வந்த 84-க்கும் 100 பேரிடம் வந்த 78-க்கும் இடையிலான வித்தியாசம், 95% நம்பிக்கை அளவில் சுமார் 10 புள்ளியைத் தாண்டினால்தான் தற்செயல் இல்லை என்று சொல்ல முடியும். இங்கே இருப்பது 6. ‘மூன்று நகரங்களிலும் ஐந்தில் நான்கு பேருக்குப் பிடித்திருக்கிறது’ என்பதுதான் இந்தப் பக்கத்தின் செய்தி. திருச்சிக்குத் தனி விளம்பரம் போடச் சொல்வதற்கு இதில் ஆதாரம் இல்லை.

கோடு காலத்துக்கு

மணம், விலை, சிக்கரி ஆகிய புள்ளிகளை ஒரு கோட்டால் இணைத்த படங்களை அறிக்கைகளில் அடிக்கடி பார்க்க முடிகிறது. மணத்துக்கும் விலைக்கும் நடுவில் எதுவும் இல்லை; அந்தக் கோட்டின் சரிவு எதையும் குறிக்கவில்லை. வகைகளின் வரிசையை மாற்றினால் ‘சரிவு’ ‘ஏற்றம்’ ஆகிவிடும். கோடு என்றாலே வாசகர் மனத்தில் காலம் ஓடத் தொடங்கிவிடுகிறது, ஆகவே அதே கேள்வியை மறுபடி மறுபடி கேட்ட சர்வேக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிக் கேட்டதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பிராண்டின் பெயர் தெரியும் என்றவர்கள் 2024 ஜனவரியில் 38%, மார்ச்சில் 42%, செப்டம்பரில் 41%, டிசம்பரில் 47%. ஒவ்வொரு முறையும் புதிதாக 400 பேர். மாதப் பெயர்களை வெறும் எழுத்தாக உள்ளிட்டால் எக்செல் நான்கு புள்ளிகளையும் சம இடைவெளியில் வைக்கும். இரண்டு மாத இடைவெளியும் ஆறு மாத இடைவெளியும் ஒரே அகலத்தில் தெரியும். ஏற்றம் எவ்வளவு வேகமானது என்பது தவறாகப் படிக்கப்படும். உண்மையான தேதிகளை உள்ளிட்டு, Axis Type-இல் Date axis என்று தேர்ந்தெடுத்தால் இடைவெளி சரியாகும். கேட்ட நான்கு இடங்களிலும் புள்ளி தெரியட்டும். Smoothed line-ஐ அணைத்து வையுங்கள். அது புள்ளிகளுக்கு நடுவே யாரும் அளக்காத மேடுபள்ளங்களை உருவாக்கும்.

கோட்டு வரைபடத்தின் அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஏனென்றால் இங்கே படிப்பது உயரத்தை அல்ல, மாற்றத்தை. ஆனாலும் 36 முதல் 48 வரை என்று இறுக்கினால் சின்ன அசைவும் மலையாகிவிடும். இந்த எண்களுக்கு 20 முதல் 60 வரை நியாயமாக இருக்கும். ஒவ்வொரு முறையும் 400 பேர் என்றால், இரண்டு அளவீடுகளுக்கு இடையில் சுமார் 7 புள்ளி வித்தியாசம் இருந்தால்தான் மாற்றம் என்று உறுதியாகச் சொல்லலாம். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்கு 4 புள்ளி ஏறியதை வெற்றி என்று தலைப்பில் போட முடியாது. ஜனவரியிலிருந்து டிசம்பருக்கு 9 புள்ளி ஏறியதைப் போடலாம். நடுவில் கேள்வியின் சொற்களை மாற்றியிருந்தால் அந்த இடத்தில் கோட்டைத் துண்டியுங்கள்.

படத்துக்குக் கீழே ஒரு வரி

400 பேரில் 18–24 வயதினர் 32 பேர் மட்டும் என்றால், அவர்களில் 50% என்ற எண் இரு பக்கமும் சுமார் 17 புள்ளி நகரக்கூடியது. ஆனால் வரைபடத்தில் அவர்களின் பட்டையும் மற்றவர்களின் பட்டையைப் போலவே கனமாக, உறுதியாக நிற்கும். எத்தனை பேர் என்று எழுதினாலொழிய வாசகருக்கு அது தெரிய வழியில்லை. ஆகவே எந்தப் படத்தின் கீழும் மூன்று விவரங்கள் வேண்டும்: கேட்ட கேள்வி அதன் சொற்களிலேயே, ஒரு பதிலா பல பதிலா என்பது, எத்தனை பேர். நம் முதல் படத்துக்கு இப்படி எழுதலாம்: ‘கேள்வி: காபித்தூள் வாங்கும்போது எதையெல்லாம் பார்ப்பீர்கள்? பல பதில்கள் அனுமதிக்கப்பட்டன. கூட்டுத்தொகை 100%-ஐத் தாண்டும். பதிலளித்தவர்கள்: 400.’ உட்பிரிவுகளாகப் பிரித்த படத்தில் ஒவ்வொரு பட்டையின் பெயரோடும் அதன் எண்ணிக்கையைச் சேருங்கள்: ‘கோவை, 150 பேர்’. 30 பேருக்கும் குறைவான பிரிவைப் படத்தில் சேர்க்காமல், பக்கத்துப் பிரிவோடு இணைத்துவிடுவதே மேல்.