போர்டில் ஒரு பெயர், கையெழுத்தில் இன்னொரு பெயர்: கடனுக்குச் சரக்கு அனுப்பும் முன் செய்யும் தவறுகள்

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்துப் பருப்பு விற்கும் ஒருவருக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு ஆர்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு லட்சம் ரூபாய்ச் சரக்கு, 45 நாள் கடன். வாங்குபவர் தன்மையாகப் பேசுகிறார். விசிட்டிங் கார்டு, ஜிஎஸ்டி சான்றிதழ் நகல், உத்யம் சான்றிதழ், ஆதார் நகல் எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்துவிட்டன. ஒப்பந்தத்தை டைப் அடித்துக் கையெழுத்து வாங்கினால் லாரி கிளம்பிவிடும்.

இப்படி வரும் காகிதங்கள் பெரும்பாலும் போலி இல்லை. எல்லாமே உண்மையாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளைக் காட்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முதல் தவறு, நகலைப் பார்த்துவிட்டுத் தளத்தைப் பார்க்காமல் விடுவது. ஜிஎஸ்டி பதிவு ரத்தானாலும் பழைய சான்றிதழின் நகல் அப்படியே அழகாகத்தான் இருக்கும். உத்யம் சான்றிதழோ, தொழில் செய்பவர் தன் வாக்குமூலத்தின் பேரில் இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்வது. அதை வைத்து ஆளின் நாணயத்தை எடை போட முடியாது. அதனால் ஜிஎஸ்டி எண்ணை நீங்களே gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் போட்டுப் பாருங்கள். லாகின் தேவையில்லை. பதிவு Active என்று இருக்கிறதா, எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, ரிட்டர்ன் மாதாமாதம் போயிருக்கிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரியும். "பத்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்" என்பவரின் பதிவு ஏழு மாதத்துக்கு முந்தையது என்றால், அதற்கு முன் எந்தப் பெயரில் இருந்தார் என்று கேட்டாக வேண்டும்.

அந்த 15 இலக்க எண்ணே நிறையச் சொல்லும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அடுத்த பத்தும் பான் எண். மொத்த எண்ணில் ஆறாவதாக வரும் எழுத்தைக் கவனியுங்கள். P என்றால் தனி ஆள், F என்றால் கூட்டு நிறுவனம், C என்றால் கம்பெனி. கார்டில் "பிரைவேட் லிமிடெட்" என்று அச்சடித்துவிட்டு எண்ணில் P இருந்தால், நீங்கள் பேசிக்கொண்டிருப்பது கம்பெனியோடு இல்லை.

கடலூர், புதுச்சேரி எல்லையில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முள்ளோடையைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது. இந்தப் பக்கம் குடோன், அந்தப் பக்கம் ஆபீஸ் என்று இருப்பவருக்கு 33-இல் ஒன்று, 34-இல் ஒன்று என இரண்டு பதிவுகள் இருக்கலாம். அதே தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால் அந்தப் பானில் உள்ள எல்லாப் பதிவுகளும் வரும். ஒன்று நடப்பில் இருந்து மற்றொன்று Cancelled suo-moto என்று காட்டினால், ரத்து செய்தது துறையே, இவராகக் கேட்டு வாங்கியது அல்ல என்று பொருள். காரணம் கேளுங்கள்.

சரி, நம் ஆர்டருக்கு வருவோம். எண்ணில் P இருக்கிறது. Legal Name என்ற இடத்தில் ஒரு பெண்ணின் பெயர். ஆனால் இதுவரை பேசியதும் கையெழுத்துப் போட வருவதும் அவருடைய கணவர். ஆதார் நகலும் கணவருடையது. பின்தேதியிட்ட காசோலை மட்டும் மனைவியின் கணக்கிலிருந்து வரப்போகிறது.

நம் ஊரில் இது அன்றாடம் பார்ப்பதுதான். பெண்களுக்கான கடன் திட்டத்துக்காகக்கூட மனைவி பெயரில் பதிவு செய்வார்கள். அதனால் இதைப் பார்த்ததும் மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். ஆனால் பணம் வராமல் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கணவர், "நான் கடையைப் பார்த்துக்கொள்பவன்தான், கடை என்னுடையதில்லை" என்பார். மனைவி, "நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை" என்பார். காசோலை திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவின்படி வழக்கு அந்தக் கணக்குக்கு உரியவர் மேல்தான் போகும். அதில் கணவரைச் சேர்ப்பது கஷ்டம்.

இங்கே பலர் செய்யும் இரண்டாவது தவறு, பழைய வழக்குகளைத் தேடும்போது கடைப் பெயரையும் பதிவில் உள்ள பெயரையும் மட்டும் தேடுவது. மனைவியின் பெயரில் ஒன்றும் வராது, போன வருடம்தானே பதிவே செய்தார்கள்! தேட வேண்டியது கணவரின் பெயரையும், அவர் முன்பு நடத்திய கடையின் பெயரையும்.

தேடும் இடத்திலும் ஒரு கோளாறு நேரும். புதுச்சேரிக்காரர் என்பதால் eCourts தளத்தில் புதுச்சேரி நீதிமன்றங்களை மட்டும் பார்த்துவிட்டு, வழக்கே இல்லை என்று நிம்மதியாகிவிடுவார்கள். 2015-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கணக்கில் போட்ட காசோலை திரும்பினால், வழக்குப் போடுவது பணம் வர வேண்டியவரின் வங்கிக் கிளை இருக்கும் ஊரில். அதாவது அவரால் ஏமாந்தவர்கள் பண்ருட்டிக்காரர்கள் என்றால் வழக்கு பண்ருட்டியில் இருக்கும், விழுப்புரத்துக்காரர்கள் என்றால் விழுப்புரத்தில். ஆகவே அவர் எங்கெல்லாம் சரக்கு வாங்குகிறார் என்று முதலில் விசாரித்து, அந்த ஊர் நீதிமன்றங்களில் பெயரைப் போட்டுத் தேடுங்கள். நடப்பு, முடிந்தது இரண்டையும் பாருங்கள். ஆண்டையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை.

பெயர்தான் படுத்தும். இனிஷியல் முன்னால் இருக்கும், பின்னால் இருக்கும், ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கு ஒரு விதமாக இருக்கும். முழுப் பெயரைப் போடாமல் நடுவில் உள்ள நாலைந்து எழுத்தைப் போட்டால் அதிகம் சிக்கும். வரும் பெயரெல்லாம் நம் ஆள் என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. தீர்ப்போ உத்தரவோ ஏற்றியிருந்தால் அதைத் திறந்து, முதல் பக்கத்தில் தகப்பனார் பெயரையும் முகவரியையும் ஆதார் நகலோடு ஒப்பிடுங்கள். ஒரே ஒரு வழக்கு, அதுவும் சமரசத்தில் முடிந்தது என்றால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தொழிலில் அப்படி ஒன்று நடக்கும். இரண்டு வருடத்துக்குள் வெவ்வேறு ஊர்களில் மூன்று சப்ளையர்கள் போட்டிருந்தால் கடனுக்குச் சரக்கு கொடுக்க மாட்டேன். அவரே மனுதாரராக இருக்கும் வழக்குகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இந்தத் தளத்தில் ஒன்றும் வராததால் போலீஸ் புகாரே இல்லை என்றும் சொல்ல முடியாது. நீதிமன்றம் வரை வந்ததுதான் இங்கே வரும்.

கம்பெனி என்றால் mca.gov.in தளத்தில் அதன் நிலையையும் இயக்குநர்கள் பெயரையும் பார்த்துவிட்டு, கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் தரும் போர்டு தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

தனி ஆள் கடை என்றால் கடைசித் தவறு ஒப்பந்தத்தின் முதல் வரியில் நடக்கிறது. கடைப் பெயரை மட்டும் "வாங்குபவர்" என்று எழுதிவிடுவார்கள். கடைப் பெயர் சட்டப்படி ஓர் ஆள் இல்லை. நம் உதாரணத்தில் மனைவியின் முழுப் பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், வீட்டு முகவரி, பான் ஆகியவற்றை எழுதி, "இன்ன கடையின் உரிமையாளர்" என்று சேர்க்க வேண்டும். கையெழுத்தும் அவருடையதாக இருக்க வேண்டும். அப்புறம் கணவரை அதே ஒப்பந்தத்தில் ஜாமீன்தாரராகச் சேர்த்து, மனைவி தராத பாக்கியைத் தான் தருவதாக எழுதி அவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். காசோலையில் உள்ள கையெழுத்தும் ஒப்பந்தத்தில் உள்ளதும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

மனைவி வர முடியாது என்று சொன்னால், கணவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுக்கச் சொல்லலாம். அதற்கும் இழுத்தடித்தால் கடன் கிடையாது, பணம் கணக்கில் ஏறிய பிறகு லாரியில் ஏற்றுகிறோம் என்று சொல்லிவிடலாம்.